வாழ்த்து மடலில் இல்லாத பத்தி

அந்தப் புகைப்படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழித்துவிட வேண்டும் என்று பலமுறை விரலைக் கொண்டுபோய், அழிக்காமலே விட்டிருக்கிறேன். நடுவில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் ஜரிகை வைத்த மைசூர் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் சந்தனச் சீவல் மாலை, மடியில் சட்டம் போட்ட வாழ்த்து மடல். பக்கத்தில் அவர் மனைவி. அவருடைய இடது கை அந்த அம்மாளின் முழங்கைக்கு மேலே பிடித்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அவர் கட்டைவிரல் சதைக்குள் புதைந்திருப்பது தெரியும். கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தின் கீழ் யாரோ 'ஆதர்ஷ தம்பதி' என்று கன்னடத்தில் எழுதியிருந்தார்கள். முப்பது பேர் அதற்குக் கை கூப்பியிருந்தார்கள். பின்னால், கையில் காகிதத்தோடு நிற்பது நான்.

மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். அவர் அங்கே ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். எனக்கு 'சார்', மற்றவர்களுக்கெல்லாம் 'அண்ணா'. குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு ரப்பர் வாஷர் கேட்டுப் போனால்கூட, இரண்டு கையாலும் எடுத்து நீட்டுவார். மதியத்தில் அவர் டிபன் கேரியரைத் திறந்தால் நாலு மேசைக்காரர்கள் கூடிவிடுவார்கள். அவர் மனைவி வைக்கும் அவரைப்பருப்புக் குழம்புக்கு அப்படியொரு பேர். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் அவர் சாப்பிடுவார். எங்கள் அலுவலகத்தில் நல்ல மனிதர் யார் என்று கேட்டால் எல்லா விரலும் ஸ்டோர்ஸ் பக்கம்தான் நீளும். என் விரலும் நீண்டுகொண்டிருந்ததுதான், அந்த மூன்று வருடத்துக்கு முந்திய காலை வரைக்கும்.

அன்று அவர் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். ஓர் அலமாரிச் சாவி அவரிடமே தங்கிவிட்டது. உற்பத்தி லைனில் வேலை நின்றுபோயிருந்தது. வண்டி இருக்கிறது, வீடும் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். வாசல் கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது போன்ற சத்தம். ஜன்னல் பாதி திறந்திருந்தது. அவர் மனைவியின் தலைமயிரை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். வலது கையில் பூரிக்கட்டை. முதுகில், தோளில், காக்கப் பார்த்த கையில் என்று மாற்றி மாற்றி அடித்தார். என்னை இன்றுவரை தூங்கவிடாதது அந்த அடியல்ல. அவர் அதை எண்ணிக்கொண்டிருந்ததுதான். ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டைச் சரிபார்க்கும் அதே தணிந்த குரலில், "ஏழு... எட்டு..." என்றார். அந்த அம்மாள் அழவில்லை. வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன செய்தேன்? காலிங் பெல்லை அழுத்தினேன். என்னுடைய மொத்த வீரமும் அந்த ஒரு விரலோடு முடிந்தது. ஒரு நிமிடத்தில் அவர் கதவைத் திறந்தார், வாசல் வரைக்கும் வந்து சிரித்தார். "வாங்கம்மா, சாவிக்கா? சொல்லியிருந்தா நானே கொண்டாந்திருப்பேனே" என்றார். உள்ளே உட்கார வைத்தார். அந்த அம்மாள் இடது கையால் காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. "சர்க்கரை போதுமாம்மா?" என்று கேட்டார். போதும் என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகும் அவர் டிபன் கேரியரிலிருந்து குழம்பு வாங்கிச் சாப்பிட்டேன். வேறென்ன சொல்ல, வெட்கம் கெட்டவள்.

அந்த அம்மாளுக்கு ஊர் ஹனூர். எனக்கு அதற்குப் பக்கத்துக் கொள்ளேகால். அவர் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு நாள் கொள்ளேகால் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமைந்துவிட்டோம். அவள் தாய்மாமன் வீட்டுத் துக்கத்துக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். பன்னூர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "நீ அன்னிக்குப் பாத்தயல்ல அம்மிணி?" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

"காத்தால எட்டரைக்குப் போனா பொழுதோட ஆறரைக்குத்தான் வருவாரு. அந்தப் பத்து மணி நேரம்தான் எனக்கு உசுரு. இனி நாள் முச்சூடும் ஊட்லயே இருப்பாரு. நானு எங்க போறது? நீ கம்பெனில சொல்லி இன்னொரு ரெண்டு வருசம் அவர வெச்சுக்கச் சொல்லோணும்."

அடி வாங்கும் பெண், அடிக்கிறவனுக்கு வேலை நீட்டிப்புக் கேட்டாள். மகள் வீட்டுக்குப் போகலாமே என்றேன். ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். "அங்க போனா அங்கயும் வந்து அடிப்பாரு. புள்ள பொழப்பும் போயிரும்" என்றாள். இறங்கும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மறுநாளே எச்.ஆர். மேனேஜரிடம் போனேன். அவர் கன்னடக்காரர், நல்ல பையன், எதையும் சிரித்துக்கொண்டே மறுப்பார். ஸ்டோர்ஸ் சாருக்கு நீட்டிப்புக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். விதி விதிதான், அவரும் எத்தனை நாள் உழைப்பார், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டுமே என்றார். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. 'ஆபீஸ் பூராவும் என்னைப் பைத்தியம் என்னும், அவர் சிரிப்பார், அன்று சாயங்காலம் அவளுக்கு அடி விழும்' என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வாயை மூடினேன். மேனேஜர் அதோடு விடவில்லை. "நீவே அபிநந்தனா பத்ர பரீரி மேடம். தமிழல்லே இரலி" என்றார். வாழ்த்து மடலை நானே எழுத வேண்டும், தமிழிலேயே இருக்கட்டும் என்கிறார். அவர் மனைவிக்குக் கன்னடம் அவ்வளவாக வராது என்று ஸ்டோர்ஸ் சாரே சொல்லிக் கேட்டுக்கொண்டாராம். அந்த அலுவலகத்தில் அவரை விட்டால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பிரிவுபசாரத்துக்கு மடல் எழுதுவதில் நான் கொஞ்சம் கை தேர்ந்தவள். அதுவரை ஆறேழு பேருக்கு எழுதியிருந்தேன், எல்லாம் கன்னடத்தில். அதற்கு ஒரு கட்டு உண்டு. ஓய்வு பெறுகிறவரிடம் முதலில் ஒரு குறிப்புத் தாள் வாங்க வேண்டும்: எப்போது சேர்ந்தார், எந்தப் பிரிவு, என்ன சாதனை. அவர் விட்டுவிட்டதைப் பக்கத்து மேசைக்காரர்களிடம் விசாரிக்க வேண்டும். ஆரம்பத்தில் பெயரும் பதவியும் சொல்லி ஒரு நொடி நிறுத்த வேண்டும், அது கைதட்டலுக்கு. பிறகு எல்லோரும் பார்த்த இரண்டு சம்பவம், யாரையும் நோகடிக்காத ஒரு கேலி. நோய், சண்டை, கிடைக்காமல் போன பதவி உயர்வு எதுவும் உள்ளே வரக்கூடாது. கடைசிக்கு முந்திய பத்தி குடும்பத்துக்கு. அங்கே வாசிக்கிறவள் திரும்பி மனைவியைப் பார்க்க வேண்டும். ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டினால் மேசையில் பஜ்ஜி ஆறிப்போகும். மடலை அச்சடித்து, ஓரத்தில் பூ வேலை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க அச்சகக்காரனுக்கு இரண்டு நாள் வேண்டும். வாசித்து முடித்துக் கையில் கொடுக்கும்வரை ஓய்வு பெறுகிறவர் தலைப்பாகையைக் கழற்றக்கூடாது, இருக்கையை விட்டு எழக்கூடாது. அது இங்கே மரியாதை.

அவர் குறிப்புத் தாளைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். மணி மணியான கையெழுத்து. எண் போட்டு எழுதியிருந்தார். கடைசிக் குறிப்பு இது: 'வீட்டிலும் வெளியிலும் எவரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. யார்மேலும் கை ஓங்கியதில்லை.' நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தக் கடைசிப் பாயிண்ட மட்டும் விட்றாதீங்கம்மா. வீட்ல ஆசப்படுறாங்க" என்றார். ஜன்னலில் என் முகத்தை அவர் அன்று பார்த்திருக்கிறார். மூன்று வருடமாகத் தெரிந்துகொண்டேதான் எனக்குக் குழம்பு ஊற்றியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்த உடம்போடு உட்கார்ந்து அந்த வரியைத் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன். மேனேஜர், தனக்குப் படிக்கத் தெரியாத அந்த மடலைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மீட்டிங் அறையில் கூட்டம். இருபத்தைந்து பேர் இருந்தோம். கடவுள் வாழ்த்து, வரவேற்பு, இரண்டு பேர் பேச்சு, மாலை, சால்வை, தலைப்பாகை, பழக்கூடை. பிறகு மனைவிக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பது பெண்கள் வேலை. நான் பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்து அவள் வலது கையைப் பிடித்தேன். வளையல் விரல் முட்டியைத் தாண்டி ஏறவில்லை. விரல்கள் வீங்கி ஊதா நிறத்தில் இருந்தன. நடுவிரல் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன், அவள் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. "அந்தக் கை வேண்டா. எடது கைல போடு" என்றாள் உதடு அசையாமல். கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. விழாவுக்கு எந்தப் புடவை என்பதில் ஆரம்பித்ததாம்.

மேனேஜர் என் பெயரைச் சொன்னார். எழுந்து வாசித்தேன். பெயரும் பதவியும் சொல்லி நிறுத்தினேன், கைதட்டினார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஆணி எந்த அறையில் என்று சொல்லிவிடுவார் என்று வாசித்தேன். புரியாவிட்டாலும் என் தொனியைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்துப் பத்தி வந்தது. வழக்கப்படி அவள் பக்கம் திரும்பினேன். 'வீட்டிலும் வெளியிலும்' என்று ஆரம்பித்தேன், அவள் வீங்கின விரல்கள் கண்ணில் பட்டன. காகிதத்தை இறக்கினேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாழ்த்து வாசிக்கும் அதே ஏற்ற இறக்கத்தில் பேசினேன்.

"அக்கா, இங்கே இருக்கும் எல்லோரும் தங்கள் கையால் உண்டவர்கள். மூன்றாண்டுகளுக்கு முன் தங்கள் இல்லத்துக்கு வந்த நான், கண்ணால் கண்டதைக் காணாதவள்போலத் திரும்பினேன். இந்தச் சபையில் அதற்குத் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாளை முதல் இவர் நாள் முழுவதும் இல்லத்தில் இருப்பார். என் வீடு விஜயநகரில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது வீடு. எந்த நேரமும் தாங்கள் வரலாம். தங்கள்மேல் இன்னும் ஒரு முறை இவர் கை பட்டால், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நான் சாட்சி சொல்வேன். வாழ்க வளமுடன்."

அறையே கைதட்டியது. மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். ஸ்டோர்ஸ் சார் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. தலைப்பாகைக்குக் கீழிருந்து ஒரு கோடு வியர்வை இறங்கிக் காதோரமாக ஓடியது. எழ முடியாது, கழற்ற முடியாது. நான் போய்ச் சட்டத்தைக் கொடுத்தேன். எப்போதும் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் அந்தப் படம் எடுத்தார்கள். எனக்குக் காற்றில் நடப்பது போலிருந்தது. ஓய்வு பெறுகிறவரைக் கம்பெனி காரில் வீடு வரை கொண்டுவிடுவது எங்கள் பழக்கம். கார்க் கதவருகில் அவர் என்னிடம், "நல்லாப் படிச்சீங்கம்மா. ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கார் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கேசரி பாத் சாப்பிட்டேன். சொல்லிவிட்டதையே செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் முட்டாள்தனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. அவள் இறங்கினாள், காலில் செருப்பு இல்லை. இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தாள். துண்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கிடந்தது. உள்ளே வரச் சொன்னேன். "ஊடெல்லாம் ரத்தமாயிரும்" என்று வாசலிலேயே நின்றாள். அதே ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனேன். போகிற வழியில் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் அவர் தலைப்பாகையைக்கூடக் கழற்றவில்லையாம். மடலை அவள் முகத்துக்கு முன்னால் பிடித்து, கடைசிக்கு முந்திய பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னாராம். அவள் நாலாம் வகுப்பு; எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "யார்மேலும் கை ஓங்கியதில்லைன்னு நான் படிக்கோணும். எழுத்துத் தடுக்குனா ஒரு அடி. மறுக்கா மொதல்லேருந்து. எத்தன வாட்டின்னு எனக்குத் தெரியாது, அவருதான் எண்ணிட்டு இருந்தாரு." முழுசாகப் படித்து முடித்தபோது சட்டத்தை ஓங்கி அவள் தலையில் இறக்கியிருக்கிறார். கையை உயர்த்தியதால் கண்ணாடி கையில் இறங்கியது. விடிந்து அவர் குளிக்கப் போனபோது ஓடிவந்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியை ஆட்டோக்காரனுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. அந்த வரியை அச்சுக்கு அனுப்பியது என் கை. நான் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்னால்தானே அக்கா" என்றேன்.

"நீ படிக்காட்டியும் அடிச்சிருப்பாரு" என்றாள். "நீ படிக்காட்டி எனக்குப் போக்கெடமில்ல."

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். இடுக்கியால் ஒவ்வொரு கண்ணாடித் துண்டாக எடுத்து உலோகத் தட்டில் போட்டாள். அது விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான்தான் கண்ணை மூடினேன், அந்த அம்மாள் மூடவில்லை. பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களோடு வந்தவர்களும் நின்றிருந்தார்கள். டாக்டர் எழுதும் அட்டையை எடுத்துக்கொண்டு, "ஹேகாயித்து?" என்று கேட்டாள். எப்படி நடந்தது என்று கேட்கிறாள். இத்தனை வருடம் மடல் எழுதிப் பழகின வாய் என்னுடையது. நோகாத சொல் எப்போதும் தயாராக அங்கே இருக்கும். என்னையும் மீறி, "கண்ணாடி மேலெ பித்து..." என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். விழுந்துவிட்டாள் என்று சொல்லப் போனேன். நான், நேற்றுச் சபையில் சாட்சி சொல்வேன் என்று முழங்கினவள்.

அவள் வீங்கின வலது கையை நீட்டி என் வாயைத் தடுத்தாள். டாக்டரை நேராகப் பார்த்து, "நன்ன கண்ட ஹொடெத" என்றாள். என் புருஷன் அடித்தான். அவளுக்கு வராது என்று அவர் சொல்லியிருந்த கன்னடம், தெளிவாக, அந்த வார்டு முழுக்கக் கேட்கும் குரலில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலை குனியவில்லை. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டாள். "மூவத்தொந்து வர்ஷதிந்த" என்றாள். முப்பத்தொரு வருடம். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு, இது போலீஸுக்குப் போக வேண்டியது, சம்மதமா என்றாள். சம்மதம் என்றாள்.

யாருக்கும் புரியாத மொழியில் இருபத்தைந்து பேருக்கு முன்னால் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கினவள் நான். எல்லோருக்கும் புரிகிற மொழியில் அவள் மூன்று சொல்தான் சொன்னாள். கைதட்ட அங்கே யாருமில்லை.

பத்து மணிக்கு ஒரு பெண் போலீஸ் வந்தார். அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். "நீவு நோடித்ரா?" நீங்கள் பார்த்தீர்களா? கட்டிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. பார்த்தேன் என்றேன். மூன்று வருடத்துக்கு முன்னால், காலை பத்தரை மணிக்கு, ஜன்னல் வழியாக. பூரிக்கட்டை. எட்டு வரை எண்ணியது எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் கன்னடத்திலேயே சொன்னேன்.